தள்ளுபடி உண்மைதானா? பழைய விலைக் கோட்டைப் படிப்பது எப்படி

உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட்டோடு பொருள் ஆர்டரும் போட்டுக் கொடுப்பேன். 2025 செப்டம்பர் கடைசியில், பண்டிகைக் கால விற்பனை தொடங்கிய அன்று, தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கரையில் மீன் ஏலம் எடுத்து, ஊருக்குள் விற்பவர். மிஞ்சிய மீனுக்குத் தினமும் ஐஸ் வாங்கிக் கட்டுப்படியாகாமல், 200 லிட்டர் அளவில் ஒரு டீப் ஃப்ரீசர் வாங்க முடிவு செய்திருந்தார். செல்போனை நீட்டினார். எம்.ஆர்.பி. 31,990 ரூபாய் அடித்துவிடப்பட்டு, கீழே 17,990 என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பில் 44 சதவீதம் தள்ளுபடி.

"தம்பி, இன்னைக்கு ராத்திரியோட முடியுதாம். உடனே போட்டுரு."

நான் போடவில்லை. "அக்கா, பத்து நிமிஷம் உட்காருங்க, இது போன மாசம் என்ன விலைக்கு வித்துச்சுன்னு பாத்துருவோம்" என்றேன். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குக் கம்ப்யூட்டர் அறிவு எதுவும் வேண்டாம். ஒரு பேனாவும் பழைய பில்லின் பின்பக்கமும் போதும்.

அடித்துவிட்ட விலையை முதலில் மறந்துவிடுங்கள்

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. 2011-ஆம் ஆண்டு வந்த பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது அதைத்தான். அந்த உச்சவரம்பு உண்மையான விற்பனை விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்த விதிகளில் இல்லை. அதனால் 17,500 ரூபாய்க்கு வருடம் முழுக்க விற்கும் பொருளின் மேல் 31,990 என்று அச்சடித்திருப்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் அந்த 31,990-ஐ யாருமே கொடுத்ததில்லை என்றால், அதிலிருந்து கணக்கிட்ட 44 சதவீதத்துக்கும் பொருள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலை குறைத்திருக்கிறோம் என்று கடைக்காரர் அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படிக் காட்டச் சொல்லும் விதி இல்லை. ஆகவே அந்தப் பழைய விலையை நாமே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. நண்டு கிலோ இன்ன விலை என்று வியாபாரி சொன்னால், அவர் மனதில் உடனே ஓடுவது நேற்று என்ன போனது, முந்தாநாள் என்ன போனது என்பதுதான். "அக்கா, அதே கணக்குதான். நேத்து விலையைத் தேடுறோம்" என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சரியான லிங்க்கை எடுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது வேறு அளவுக்கோ வேறு நிறத்துக்கோ போகலாம். கடையின் பெயரைப் போலவே முகவரி வைத்த போலித் தளத்துக்கும் போகலாம். கடையின் ஆப்பை நீங்களே திறந்து, பொருளைத் தேடி, உங்களுக்கு வேண்டிய அளவையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்த பிறகு, பகிரும் பொத்தானை அழுத்தி லிங்க்கை நகலெடுங்கள். அது சுருக்கமான லிங்க்காக இருந்தால், உலாவியில் ஒரு தடவை திறந்து, அங்கே வரும் முழு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசை முக்கியம். ஒரே பக்கத்தில் 100, 200, 300 லிட்டர் என மூன்று ஃப்ரீசர்கள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. விலை வரலாறு அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அமேசானில் அது பத்து எழுத்து கொண்டது. முகவரியில் `/dp/` என்பதற்குப் பின்னால் வரும்:

```
https://www.amazon.in/dp/B0XXXXXXXX
```

ஃப்ளிப்கார்ட்டில் முகவரிக்குள் `pid=` என்று தேடினால், அதற்குப் பின்னால் இருப்பதுதான் அடையாளம். 200 லிட்டரின் இன்றைய விலையை 100 லிட்டரின் பழைய விலையோடு ஒப்பிட்டுவிட்டு, விலையை ஏற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லிங்க் மாறியதால் வந்த குழப்பம் அது.

கோட்டைத் திறப்பது

அமேசான் பொருளுக்கு `keepa.com` தளத்தில் அந்த லிங்க்கைத் தேடும் பெட்டியில் ஒட்டலாம். நாடு இந்தியா, அதாவது `.in`, என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளிப்கார்ட்டுக்கும் மற்ற கடைகளுக்கும் `pricehistory.app`, `buyhatke.com` போன்றவை இருக்கின்றன. எதில் பார்த்தாலும் படிக்கும் முறை ஒன்றுதான். கிடைமட்டமாகத் தேதி, செங்குத்தாக விலை. விலை மாறும் நாளில் மட்டும் படிக்கட்டு போல ஏறி இறங்கும் ஒரு கோடு.

கீப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும். நமக்கு வேண்டியது `New` என்ற கோடு. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் சொந்தச் சரக்கை வைத்து விற்க இந்திய விதிகள் இடம் தருவதில்லை. விற்பவர்கள் அந்தச் சந்தையில் கடை போட்டிருக்கும் தனித்தனி விற்பனையாளர்கள். அவர்களில் புதுப் பொருளுக்கு யார் மிகக் குறைவாகக் கேட்டார்களோ அந்த விலையைத்தான் `New` காட்டுகிறது. டெலிவரிக் கட்டணம் அதில் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கால அளவை ஒரு வருடமாக மாற்றுங்கள். முதலில் திறக்கும்போது சில மாதங்கள் மட்டும் தெரிந்தால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

அப்புறம் முதல் சோதனை. கோட்டின் வலது ஓரத்தில், அதாவது இன்றைய தேதியில், என்ன விலை காட்டுகிறது? கடைப் பக்கத்தில் என்ன விலை இருக்கிறது? இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: வேறு அளவின் கோட்டைப் பார்க்கிறீர்கள், அல்லது குறைவாகக் கேட்கும் விற்பனையாளர் ஒருவரும் உங்களுக்குக் காட்டப்படுபவர் இன்னொருவருமாக இருக்கிறார்கள், அல்லது தளம் இன்னும் புது விலையைப் பதிவு செய்யவில்லை. எது என்று தெரிந்துகொள்ளாமல் மற்ற கணக்கைத் தொடங்காதீர்கள்.

அக்காவின் ஃப்ரீசருக்கு இரண்டு இடத்திலும் 17,990. சரி.

வழக்கமான விலையைக் கண்டுபிடிப்பது

இந்த வேலை முழுவதும் இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. ஒரு பொருள் சாதாரண நாளில், யாரும் விற்பனை என்று அறிவிக்காத நாளில், என்ன விலைக்குக் கிடைக்கிறது? அதைத்தான் வழக்கமான விலை என்கிறேன். தள்ளுபடியை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினால் ஒவ்வொரு நாளின் விலையும் தெரியும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி என்ன விலை என்று பார்த்து எழுதுங்கள். ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு எண்கள். நான் அக்காவுக்கு எழுதியது இது: 2024 அக்டோபரிலிருந்து 2025 பிப்ரவரி வரை ஐந்து மாதமும் 17,490. மார்ச், ஏப்ரல் 17,990. மே 18,490. ஜூன், ஜூலை மறுபடி 17,490. ஆகஸ்ட், செப்டம்பர் 20,990.

இப்போது இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். பன்னிரண்டில் நடு என்றால் ஆறாவதும் ஏழாவதும். 17,490 மொத்தம் ஏழு தடவை வருவதால் ஆறாவதும் ஏழாவதும் 17,490. அதுதான் வழக்கமான விலை. ஆறாவதும் ஏழாவதும் வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

சில தளங்கள் சராசரி விலை என்று ஒன்றைத் தாங்களே கணக்கிட்டுக் காட்டும். அதை இந்த இடத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். மேலே உள்ள பன்னிரண்டையும் கூட்டினால் 2,18,880. பன்னிரண்டால் வகுத்தால் 18,240. அந்தச் சராசரியோடு ஒப்பிட்டால் விற்பனை விலை 17,990 என்பது 250 ரூபாய் லாபமாகத் தெரியும். நடுவிலையோடு ஒப்பிட்டால் 500 ரூபாய் அதிகம். எண்கள் அதேதான், முடிவு தலைகீழாகிறது. கடைசி இரண்டு மாதம் ஏறிய 20,990 சராசரியை மேலே இழுத்துவிட்டது. நடுவிலையை அதனால் அசைக்க முடியவில்லை. விற்பனைக்கு முன்னால் சில வாரம் விலையை ஏற்றி வைத்தால் பாதிக்கப்படுவது சராசரிதான். அதனால்தான் நடுவில் நிற்கும் எண்ணைத் தேடுகிறோம்.

விற்பனைக்கு முந்தைய இரண்டு மாதம்

அடுத்துப் பார்க்க வேண்டியது கோட்டின் கடைசிப் பகுதி. இந்த ஃப்ரீசருக்கு ஆகஸ்ட் 10-ஆம் தேதி கோடு 17,490-லிருந்து ஒரே படியில் 20,990-க்கு ஏறியது. 44 நாள் அப்படியே நின்றது. விற்பனை தொடங்கிய செப்டம்பர் 23-ஆம் தேதி 17,990-க்கு இறங்கியது.

கடைசி ஒரு மாதத்தை மட்டும் திறந்து பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? 20,990-லிருந்து 17,990. மூவாயிரம் ரூபாய், 14 சதவீதம் குறைந்திருக்கிறது, உண்மையான தள்ளுபடிதான் என்று தோன்றும். ஒரு வருடத்தைத் திறந்தால்தான் இறக்கத்துக்கு முன்னால் இருந்த ஏற்றம் தெரிகிறது. மேலே நீண்ட மேடை, அதற்கு முன் கீழே அதைவிட நீண்ட தரை, கடைசியில் தரைக்குச் சற்று மேலே வந்து நிற்கும் படி. இந்த வடிவத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த தடவை நொடியில் கண்ணில் படும்.

ஆனால் இங்கே அவசரப்பட்டு யாரையும் திருடன் என்று சொல்லிவிட வேண்டாம். குறைவாக விற்றுக்கொண்டிருந்தவரிடம் சரக்கு தீர்ந்து, அதிகமாகக் கேட்கும் இன்னொருவர் மட்டும் மிஞ்சியிருந்தாலும் கோடு இதே போல ஏறும். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கோடு ஏறும் இடத்தில் சில நாள் அறுந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அன்று பொருள் கையிருப்பில் இல்லை. கீப்பாவில் எத்தனை விற்பனையாளர்கள் இருந்தார்கள் என்பதையும் `New Offer Count` என்ற கோட்டில் பார்க்கலாம். ஏறிய அன்று அந்த எண்ணிக்கை குறைந்திருந்தால் சரக்குத் தட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்வதே நியாயம். இந்த ஃப்ரீசருக்குக் கோடு அறவும் இல்லை, எண்ணிக்கை மாறவும் இல்லை. என்ன காரணம் என்று நமக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாங்குகிறவருக்கு வேண்டியது, இன்று கேட்கும் விலை வழக்கமான விலையைவிடக் குறைவா அதிகமா என்பது மட்டுமே.

வழக்கமான விலை 17,490. இன்று 17,990. ஐந்நூறு ரூபாய் அதிகம். 44 சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருந்தது, கிட்டத்தட்ட மூன்று சதவீத ஏற்றம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்த ராத்திரியோட முடியுதுன்னு போட்டது?" என்று கேட்டார். அப்படி இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவதை, 2023 நவம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. வாங்குகிறவரைத் திசைதிருப்பும் பதின்மூன்று வகைத் தந்திரங்களை அந்த நெறிகள் பட்டியலிட்டிருக்கின்றன. அவற்றில் முதலில் வருவது இந்தப் பொய்யான அவசரம்தான்.

எந்த விலைக்கு வந்தால் வாங்கலாம்

அதே கோட்டில் இரண்டு சிறிய பள்ளங்களும் இருந்தன. 2025 ஜனவரியில் நான்கு நாள் 16,490. ஜூலையில் மூன்று நாள் அதே 16,490. இரண்டும் அந்தந்த நேரத்து விற்பனைகளோடு வந்து போனவை.

ஒரே ஒரு நாள், சில மணி நேரம் மட்டும் விழுந்த ஊசி போன்ற பள்ளத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விலையைத் தவறாக அடித்துவிட்டுத் திருத்தியிருக்கலாம், நான்கைந்து பேருக்கு மட்டும் கிடைத்த சலுகையாக இருக்கலாம். அதற்காகக் காத்திருந்தால் வாங்கவே முடியாது. ஆனால் வருடத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாளாவது நின்ற விலை மறுபடி வர வாய்ப்புள்ள விலை. இந்த ஃப்ரீசருக்கு அது 16,490.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. வழக்கமான விலையைவிட ஐந்து சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் அதைத் தள்ளுபடி என்று எண்ணுவதில்லை. பொருள் அவசரமாகத் தேவை என்றால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு தடவை வந்த பள்ளத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் காத்திருப்பதில்லை.

காத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அது வீட்டுக்கு வீடு மாறும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்போது ஃப்ரீசர் வீட்டில் இருந்தால்தான் அக்காவுக்குப் பயன். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் காற்றும் வந்து படகுகள் பல நாள் கரையில் கிடக்கும். அந்த மூன்று மாதத்தில் ஃப்ரீசர் இல்லாமல் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. "ஜனவரி வரைக்கும் தாங்கும் தம்பி" என்றார். 16,500 ரூபாய்க்குக் கீழே வந்தால் தகவல் அனுப்பும்படி அந்தத் தளத்தில் விலை அறிவிப்பை வைத்துவிட்டோம். கீப்பாவில் `Track product` என்ற பகுதியில் இதைச் செய்யலாம், தகவல் மின்னஞ்சலுக்கு வரும்.

கோட்டில் தெரியாதவை

செப்டம்பரில் அதே பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் வாங்கினால் 1,500 ரூபாய் கழிவு என்றும் போட்டிருந்தது. கார்டு வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றே 16,490-க்குக் கிடைத்திருக்கும். அவருக்கு அது உண்மையான தள்ளுபடிதான். வங்கிக் கழிவும், பழைய பொருளுக்கு மாற்றுச் சலுகையும், பக்கத்தில் டிக் செய்து வாங்கும் கூப்பனும் பெரும்பாலும் இந்தக் கோடுகளில் ஏறுவதில்லை. அதனால் இன்றைய விலையை எழுதும்போது, உங்களுக்குப் பொருந்தும் கழிவை மட்டும் கழித்து, கடைசியில் கையிலிருந்து போகும் தொகையை எழுதுங்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தால்தான் அந்தத் தொகை தெரியும். டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கட்டாமல் திரும்பி வந்துவிடலாம், பயம் வேண்டாம்.

வட்டியில்லாத் தவணை என்பதையும் கவனியுங்கள். வட்டியைக் கழித்துவிட்டாலும், அந்த வட்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் செயலாக்கக் கட்டணத்தையும் வங்கி தன் பங்குக்கு வசூலிப்பது வழக்கம்.

நம் பக்கத்துக்கு மிக முக்கியமானது பின்கோடு. தளம் பதிவு செய்வது எங்கோ ஓரிடத்தில் தெரியும் விலையை. அந்த விலைக்கு விற்பவர் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் பெரிய பொருளை அனுப்பத் தயாராக இல்லாமல் இருக்கலாம். அப்போது ராமேசுவரம் தீவில் இருப்பவருக்கு, அனுப்பத் தயாரான அடுத்த விற்பனையாளரின் விலைதான் காட்டப்படும். கோடு ஒரு விலை சொல்லும், உங்கள் செல்போன் வேறு விலை சொல்லும். இதைச் சோதிக்க, ஆப்பில் டெலிவரி இடத்தை மாற்றிப் பாருங்கள். முதலில் உங்கள் பின்கோடு, அடுத்து ராமநாதபுரம் நகரத்தின் 623501, பிறகு சென்னையின் 600001. மூன்றிலும் விலையும் விற்பனையாளர் பெயரும் என்ன என்று எழுதிக்கொண்டால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். சிறிய பொருள்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஃப்ரீசர், வாஷிங் மெஷின், பீரோ மாதிரி எடை உள்ளவற்றில் அடிக்கடி வரும்.

வரியால் இறங்கிய படி

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியைக் கடக்கும் கோடுகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். அன்று முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., ஏ.சி., பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 20,000 ரூபாய் உள்ள டி.வி. முன்பு 25,600, அதன் பிறகு 23,600. இரண்டாயிரம் ரூபாய், ஏறக்குறைய எட்டு சதவீதம், வரி குறைந்ததால் மட்டுமே இறங்க வேண்டும். மறுநாளே பெரிய விற்பனைகளும் தொடங்கியதால் இரண்டும் ஒரே படியாகத் தெரியும். அப்படிப்பட்ட பொருளுக்கு செப்டம்பர் 22-க்கு முந்தைய விலைகளை 118-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்துவிட்டு, பிறகு நடுவிலையைத் தேடுங்கள். இல்லாவிட்டால் வரிக் குறைப்பைக் கடைக்காரரின் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வீர்கள். ராமநாதபுரத்துக் கடையிலும் அதே எட்டு சதவீதம் குறைந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் வகைக்கு அதற்கு முன்பே 18 சதவீதம்தான், அதனால் அக்காவின் கணக்கில் இது வரவில்லை.

கோட்டை நம்பக் கூடாத இடங்கள்

வரலாறே இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் அதை வைத்து வழக்கமான விலை சொல்ல முடியாது. புது மாடலாக இருக்கலாம். பழைய பொருளையே புது அடையாள எண்ணில் மறுபடி போட்டிருக்கவும் கூடும். பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணை நகலெடுத்து அதே கடையில் தேடிப் பாருங்கள். அதே மாடல் எண் வேறொரு பக்கத்திலும் வந்தால் அதன் கோட்டையும் திறந்து பாருங்கள்.

இன்னொன்று இதற்கு எதிரானது. கோடு மூன்று வருடம் பழையது, ஆனால் பொருள் புதிது. வேறு ஏதோ ஒரு பொருளுக்கு இருந்த பக்கத்தில், நல்ல மதிப்புரைகளுக்காக இந்தப் பொருளை ஏற்றியிருப்பார்கள். பழைய மதிப்புரைகளைத் தேதி பார்த்துப் படியுங்கள். தலையில் மாட்டும் டார்ச்சுக்கான பக்கத்தில், சார்ஜர் கேபிள் நீளமாக இருக்கிறது என்று யாராவது பாராட்டியிருந்தால், அந்த விலைக் கோட்டின் பழைய பகுதி கேபிளுக்கு உரியது. டார்ச்சுக்கு அது செல்லாது.

எண்ணிக்கையும் எடையும் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சலவைத்தூள், டயப்பர், பிஸ்கட் போன்றவற்றில் பொட்டலம் சிறியதாகி விலை அப்படியே இருந்தால் கோடு நேராகத்தான் இருக்கும். அவற்றுக்குக் கிலோவுக்கு அல்லது ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

ஃப்ரீசர் வந்த கதை

2026 ஜனவரியில், குடியரசு தினத்தை ஒட்டிய விற்பனையின்போது, அறிவிப்பு வந்தது. 16,490. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஆப்பைத் திறந்தேன். தங்கச்சிமடம் பின்கோடுக்கு 17,490 என்று வேறொரு விற்பனையாளர் பெயரில் இருந்தது. 623501 என்று மாற்றினேன். 16,490 வந்தது. ராமநாதபுரத்தில் அக்காவின் தங்கை வீடு இருக்கிறது, அந்த முகவரிக்கு ஆர்டர் போட்டோம். அங்கிருந்து தீவுக்குத் திரும்பும் ஐஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவர 400 ரூபாய் ஆனது.

மொத்தம் 16,890. செப்டம்பரில் அவசரப்பட்டிருந்தால் போயிருக்கும் தொகையைவிட 1,100 ரூபாய் குறைவு. வழக்கமான விலையோடு ஒப்பிட்டால் 600 ரூபாய் லாபம், அதாவது மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. என் ஐந்து சதவீத அளவுகோலை வண்டிக் கூலி தின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தடவை வந்த பள்ளத்தை விலை தொட்டுவிட்டதால், இனிக் காத்திருந்து பயனில்லை என்று அக்காவே வாங்கச் சொல்லிவிட்டார்.

ஆர்டர் போட்ட அன்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் செல்போனிலேயே வைத்துக் கொடுத்தேன். விலையும் விற்பனையாளர் பெயரும் தேதியும் தெரியும்படி கடைப் பக்கம் ஒன்று, ஒரு வருடக் கோடு ஒன்று. பொருள் வந்ததும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யை, பக்கத்தில் அடித்துவிட்டிருந்த எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடச் சொன்னேன். பெட்டியில் குறைவாகவும் பக்கத்தில் அதிகமாகவும் இருந்தால், அந்தப் படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அக்காவின் பெட்டியிலும் 31,990 என்றே இருந்தது.

"அடுத்தது மிக்சி தம்பி, கோட்டை நானே பாத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் பன்னிரண்டு எண்கள் எழுதிய ஒரு தாளோடு வந்தார். அதில் மே மாதம் மட்டும் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கோடு அறுந்திருந்தது, சரக்கு இல்லை. அப்படி ஒரு மாதம் விட்டுப்போனால் மீதிப் பதினொன்றில் ஆறாவதை எடுத்தால் போதும்.